பேச்சாளர் அறிமுகக் குறிப்பு



இப்பேச்சுத் தொடங்குவதற்குச் சற்று முன் அறிவிப்பாளர் என்னைப் பற்றி இரண்டு வாக்கியங்கள் படித்தார். அவர் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்தவர் என்றும், தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்றும் நீங்கள் கேட்டீர்கள். யாரோ ஒருவர் என்னை நன்கு அறிந்து, நடுநிலையில் நின்று, என்னைப் பற்றி எழுதியதுபோல அது ஒலித்திருக்கும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த 'அவர்' நான். அவ்விரண்டு வாக்கியங்களை எழுதியவனும் நான்தான். நிலையத்தார் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன், அப்படியே படித்தார்கள்.

இதில் மறைவோ மாயமோ ஒன்றும் இல்லை. மேடையில் பேச வரும் எவரிடமும் கூட்டம் கூட்டுவோர் முதலில் கேட்பது இத்தகைய குறிப்பைத்தான். அதை அழைப்பிதழில் அச்சிடுவார்கள். நிகழ்ச்சி பற்றிய இணைய அறிவிப்பில் ஒட்டுவார்கள். வரவேற்புரை கூறுபவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். உங்களுள் பலர் இன்னும் சில ஆண்டுகளில் கருத்தரங்குகளிலும் மாணவர் மன்றங்களிலும் பேசப் போகிறீர்கள். சிலர் இப்போதே பேசுகிறீர்கள். ஆகவே, அக்குறிப்பை மாற்றம் ஏதும் செய்யாமல் எடுத்தாளும் வகையில் எழுதுவது எப்படி என்பதை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இதை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு பேச என்னைத் தூண்டியது ஒரு நிகழ்ச்சி. என்னிடம் பள்ளியில் படித்த மாணவி ஒருத்தி, கல்லூரியில் வேதியியல் பயின்று வந்தாள். தன் ஊரில் உள்ள 14 கிணறுகளின் நீரை ஓராண்டுக் காலம் மாதந்தோறும் எடுத்து, அதில் கரைந்துள்ள உப்பின் அளவைச் சிறு மின்கருவி ஒன்றினால் கண்டு, குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தாள். 12 மாதங்கள், 14 கிணறுகள். மொத்தம் 168 அளவீடுகள். மழையென்றும் தேர்வென்றும் ஒரு மாதமும் விட்டுப்போகவில்லை. 2023-ஆம் ஆண்டில் வேற்றூரில் நடந்த ஒரு கருத்தரங்கில் இதைப் பற்றிப் பேச அவளை அழைத்தார்கள். தங்களைப் பற்றிய குறிப்பு ஒன்று வேண்டும் என்றும் எழுதினார்கள். அவளுக்கோ கூச்சம். "நான் இரண்டாம் ஆண்டு மாணவி. சொல்லும்படியாக வேறொன்றும் இல்லை" என்று ஒரே வரியில் மறுமொழி அனுப்பிவிட்டாள்.

கூட்டம் கூட்டியவர்களுக்கு ஐந்து வரி இடம் காலியாக இருந்தது. மற்றப் பேச்சாளர் ஒவ்வொருவருக்கும் ஐந்து வரி. இவளுக்கு மட்டும் ஒரு வரி இருந்தால் நன்றாயிராது என்று நல்லெண்ணத்தோடு நினைத்த ஒருவர், தாமே அவ்விடத்தை நிரப்பிவிட்டார். பெயருக்கு முன்னால் 'முனைவர்' வந்தது. 'நீரியல் அறிஞர்' என்பது வந்தது. 'பல ஆய்வுக் கட்டுரைகளின் ஆசிரியர்' என்பதும் வந்தது. அவள் அதை முதன் முதலாகக் கண்டது, அரங்கத்தின் வாயிலில் கொடுத்த அச்சிட்ட தாளில்தான். பேச்சு முடிந்ததும் முதிய பொறியாளர் ஒருவர் எழுந்து, "அம்மா, உங்கள் கட்டுரைகள் எந்த ஆய்விதழில் வந்தன? நான் படிக்க விரும்புகிறேன்" என்று மிக்க மரியாதையோடு கேட்டார். அவள் விடையின்றி நின்றாள். கட்டுரை ஏதும் இல்லை என்று பின்னர் தெரிந்ததும், கிணறுகளின் கணக்கும் அப்படித்தானோ என்று அவையில் சிலர் ஐயுற்றார்கள். அந்த ஐயம்தான் அவளைப் புண்படுத்தியது. பொய் மூன்று சொற்களில் இருந்தது. அது 168 மெய்களையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போயிற்று.

நம்மைப் பற்றி நாம் எழுதாது விட்ட இடம் காலியாக இருப்பதில்லை. பிறர் அதை நிரப்பிவிடுவார்கள். அடக்கம் என்று நாம் எண்ணிக்கொள்வது, அறியாத ஒருவரிடம் நம் பெயரை ஒப்படைத்துவிடுவதாக முடிகிறது. அம்மாணவி என்னிடம் வந்து இதைச் சொன்னபோது இருவரும் அமர்ந்து அவளுக்கென்று ஒரு குறிப்பு எழுதினோம். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அதன் முறையைப் பார்ப்போம்.

தன்னைப் பற்றி எழுதும்போது 'நான்' என்று எழுதுவதுதானே இயல்பு? 'அவர்' என்று ஏன் எழுத வேண்டும்? காரணம் எளியது. அக்குறிப்பு அச்சேறிய பின் அதைச் சொல்பவர் நாமல்லர், கூட்டம் கூட்டுவோர். வரவேற்புரை கூறுபவர் மேடையில் நின்று, 'நான் கோவையில் பிறந்தேன்' என்று படித்தால் அவையோர் சிரிப்பார்கள். அப்படி ஒருமுறை ஒருவர் படித்ததை நானே முன் வரிசையில் இருந்து கேட்டிருக்கிறேன். அவரைக் குறை கூறுவதற்கில்லை. கையில் கொடுத்ததைப் படித்தார். அக்குறிப்பைத் தன்மையிலிருந்து படர்க்கைக்கு மாற்றும் வேலை அவருடையதன்று, எழுதியவருடையது.

மாற்றும்போது 'நான்' என்பதை 'அவர்' ஆக்கிவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழில் தன்மை பல இடங்களில் ஒளிந்திருக்கும். 'என் நூல்' என்பது 'அவருடைய நூல்' என்றோ, 'தம் நூல்' என்றோ ஆக வேண்டும். இங்கே 'தன்' என்று எழுதினால் மரியாதை குறையும். 'அவர் தன் நூலை வெளியிட்டார்' என்பது பன்மை எழுவாய்க்கு ஒருமைச் சொல்லைச் சேர்ப்பதாகும். வினைமுற்றுகள் எல்லாம் 'ஆர்' ஈறு பெற வேண்டும். இவற்றையெல்லாம் திருத்திய பிறகும் 'எங்கள் பள்ளி', 'நமது மாவட்டம்', 'இங்கு' என்பவை தப்பி நின்றுவிடும். 'நமது மாவட்டம்' என்றால் எழுதியவருக்கு மதுரை, படிப்பவருக்குத் தூத்துக்குடி. ஊரின் பெயரையே எழுதிவிட்டால் இத்தொல்லை இல்லை. எழுதி முடித்ததும் நான், என், எங்கள், நமது, இங்கு என்ற ஐந்து சொற்களையும் தேடிப் பாருங்கள். ஒன்றும் அகப்படவில்லையானால் குறிப்பு படர்க்கைக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

அடுத்தது, எதை முதலில் சொல்வது என்பது. இதற்கு ஒரு பெரியவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இந்திய நூலகவியலின் தந்தை என்று போற்றப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் 1972-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் 1965-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு கல்லூரிக்கு வந்து, நூலகத்தைப் பயன்படுத்துவது பற்றி மாணவரிடையே பேசுவதாகக் கற்பனை செய்துகொள்வோம். அவருக்கு நாம் குறிப்பு எழுத வேண்டும்.

பெரும்பாலோர் இப்படித் தொடங்குவார்கள்: 'எஸ். ஆர். ரங்கநாதன் 1892-ஆம் ஆண்டில் சீர்காழியில் பிறந்தார். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கணிதம் பயின்றார். பின்பு கல்லூரிகளில் கணிதம் கற்பித்தார்.' இவை மூன்றும் உண்மையே. பள்ளிக்கூடத்து வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரைக்கு இவ்வரிசை பொருந்தும். ஆனால், அழைப்பிதழில் இடம் போதவில்லையென்றால் என்ன நடக்கும்? அச்சுக்கு அனுப்புபவர் கீழிருந்து வெட்டுவார். எந்தக் குறிப்பையும் மேலிருந்து வெட்டுவாரைக் காண முடியாது. அவர் மூன்று வாக்கியங்களை மட்டும் வைத்துக்கொண்டால், சீர்காழியில் பிறந்த கணித ஆசிரியர் ஒருவர் நூலகத்தைப் பற்றிப் பேச வருகிறார் என்றுதான் மாணவர்கள் அறிவார்கள். அவர் ஏன் அப்பொருளைப் பேச உரியவர் என்பது வெட்டுண்டு போயிருக்கும்.

ஆகவே, காலவரிசையைக் கைவிட்டு, அன்றைய பேச்சுக்கு மிகவும் வேண்டியதை முதல் வாக்கியத்தில் வைக்க வேண்டும். அவ்வாறு எழுதினால் இப்படி அமையும்:

'எஸ். ஆர். ரங்கநாதன் நூலகவியல் அறிஞர், நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்குவதற்கான கோலன் பகுப்பு முறையை 1933-இல் வெளியிட்டவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924-இல் பொறுப்பேற்ற அவர், அதற்கு முன் கல்லூரிகளில் கணிதம் கற்பித்தார். நூலக அறிவியலின் ஐந்து விதிகள் என்ற அவருடைய நூல் 1931-இல் வெளிவந்தது. 1948-இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டத்திற்கு அவர் வகுத்த மாதிரிச் சட்டமே அடிப்படை. 1957-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 1965-இல் தேசிய ஆய்வுப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார்.'

ஐந்தே வாக்கியங்கள், ஏறக்குறைய அறுபது சொற்கள். அழைப்பிதழுக்கும் அறிவிப்புக்கும் இவ்வளவு போதும். இப்போது நீங்கள் அச்சுக்கு அனுப்புபவராக மாறிக் கடைசி வாக்கியத்தை நீக்கிப் பாருங்கள். குறிப்பு முழுமையாகவே நிற்கிறது. நான்காவதையும் நீக்குங்கள், அப்போதும் நிற்கிறது. நான்கையும் நீக்கி முதல் வாக்கியத்தை மட்டும் வைத்தாலும், பெயர், துறை, செய்த செயல் ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன. இதை நான் வெட்டுச் சோதனை என்று மாணவர்களுக்குச் சொல்வது வழக்கம். கீழிருந்து ஒவ்வொரு வாக்கியமாக நீக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எஞ்சியது தனித்து நிற்க வேண்டும்.

இச்சோதனையில் குறிப்பு விழுந்துவிடுவது பெரும்பாலும் ஒரு காரணத்தால்தான். முதல் வாக்கியத்திலேயே பின்னால் வரப்போவதை நம்பி எழுதிவிடுகிறோம். 'இவருடைய பணிகள் பல திறத்தன. அவற்றுள் மூன்று வருமாறு' என்று தொடங்கி மூன்றையும் கீழே அடுக்கினால், கீழே உள்ளவை வெட்டப்பட்டதும் அவ்வாக்கியம் கையை நீட்டிக்கொண்டு வெறுமனே நிற்கும். அதுபோலவே, சிலர் நடுவிலிருந்தும் ஒரு வாக்கியத்தை எடுத்துவிடுவதுண்டு. அப்போது 'அங்கிருந்து', 'இதன் பின்னர்', 'மேற்கூறிய நூல்' என்று முந்தைய வாக்கியத்தைப் பற்றிக்கொண்டு தொடங்கும் வாக்கியங்கள் ஊன்றுகோல் இழந்து விழுகின்றன. மேலே தந்த குறிப்பில் 'அவர்' என்பதைத் தவிர வேறு எந்தச் சொல்லும் முன்வாக்கியத்தைச் சார்ந்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆண்டும் இடமும் அவ்வவ் வாக்கியத்திலேயே இருக்கின்றன.

அதே பெரியவர் கணித மன்றம் ஒன்றில் பேச வந்தால் இக்குறிப்பை அப்படியே கொடுக்கலாமா? கொடுக்கலாம், ஆனால் இரண்டாவது வாக்கியத்தில் உள்ள கணிதம் முதல் வாக்கியத்திற்கு ஏற வேண்டும். 'கல்லூரிகளில் கணிதம் கற்பித்துப் பின் நூலகவியலுக்கு வந்த எஸ். ஆர். ரங்கநாதன், கோலன் பகுப்பு முறையை 1933-இல் வெளியிட்டவர்' என்று தொடங்கினால் அவையோர் தமக்கும் அவருக்கும் உள்ள உறவை உடனே காண்பர். மனிதர் ஒருவரே, செய்திகளும் அவையே, அவைக்கு ஏற்ப வரிசை மட்டும் மாறுகிறது.

ரங்கநாதன் நூலகர் பதவியை ஏற்ற புதிதில், தனிமை தாங்காமல் மீண்டும் ஆசிரியப் பணிக்கே திரும்பிவிட முயன்றார் என்பது அவருடைய வாழ்க்கையில் சுவையான ஒரு செய்தி. அதைக் குறிப்பில் சேர்க்கலாமா என்று ஒரு மாணவன் கேட்டான். அதைச் சொல்ல நான்கு வாக்கியங்கள் வேண்டும். அதைச் சொல்ல உரியவரும் அவரே. கதை பேச்சுக்கு உரியது. பேச்சைக் கேட்க உட்காரலாமா என்று அவையோர் முடிவு செய்வதற்கு வேண்டியதே குறிப்புக்கு உரியது.

இனி, சொற்களைத் தேர்ந்தெடுப்பது பற்றி ஒரு செய்தி. மேலே தந்த குறிப்பில் 'புகழ் பெற்ற', 'தலைசிறந்த', 'ஈடிணையற்ற' என்பவை ஒன்றுகூட இல்லை. அவை பொய் என்பதனால் விட்டுவிடவில்லை. ரங்கநாதனுக்கு அவை பொருந்தவே செய்யும். அவற்றால் படிப்பவருக்குத் தெரிவது ஒன்றும் இல்லை என்பதனால் விட்டேன். 'புகழ் பெற்ற நூலாசிரியர்' என்பதைவிட, நூலின் பெயரும் ஆண்டும் கூடுதலாகச் சொல்கின்றன; விரும்புபவர் தேடிப் பார்த்துக்கொள்ளவும் முடிகிறது. தவிரவும், அக்குறிப்புக்குக் கூட்டம் கூட்டுவோர் பொறுப்பேற்கிறார்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அவையில் ஒருவர் எழுந்து, 'இது மெய்யா?' என்று கேட்டால் அவர்கள் விடை கூறும்படி இருக்க வேண்டும். ஆண்டும் பெயரும் கொண்ட செய்திக்கு விடை உண்டு. புகழ்ச்சிக்கு விடை இல்லை.

வினைச்சொற்களில் இன்னும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். முனைவர் பட்டத்திற்கு ஆய்வு செய்து வருபவர் வேறு. ஆய்வேட்டை அளித்துவிட்டுக் காத்திருப்பவர் வேறு. பட்டம் பெற்றவர் வேறு. பட்டம் பெற்றவர் மட்டுமே பெயருக்கு முன் 'முனைவர்' என்று இட்டுக்கொள்ளலாம். நூலை எழுதியவர், மற்றொருவருடன் சேர்ந்து எழுதியவர், பிறர் கட்டுரைகளைத் தொகுத்தவர், மொழிபெயர்த்தவர் ஆகிய நால்வருக்கும் நான்கு சொற்கள் இருக்கின்றன. அவற்றுள் சரியானதைத் தேர்ந்தால் யாரும் உங்களைக் கேள்வி கேட்க வேண்டியதில்லை. போட்டியில் கலந்துகொண்டவர் 'பரிசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்' என்று எழுதக்கூடாது. கலந்துகொண்டதும் ஒரு செயல்தான், அதை அப்படியே எழுதலாம்.

காலம் காட்டும் சொற்களும் நம்மை ஏமாற்றும். 'கடந்த பத்து ஆண்டுகளாக', 'சென்ற ஆண்டு', 'அண்மையில்' என்பவை எழுதிய அன்று உண்மையாயிருக்கும். ஆனால் குறிப்பு ஒருமுறை வெளியே போனால் அது எத்தனை ஆண்டுகள் எங்கெங்கே உலவும் என்று நமக்குத் தெரியாது. வேறொரு கூட்டத்தார் பழைய அறிவிப்பிலிருந்து அதை எடுத்துக்கொள்வார்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்ற என்னை 'தற்போதைய தலைமையாசிரியர்' என்று ஓர் ஊரில் அறிமுகப்படுத்தினார்கள். நான் பணியில் இருந்தபோது கொடுத்த குறிப்பு அது. பணியில் இருந்த இளைய நண்பரோ அதே அவையில் அமர்ந்திருந்தார். தவறு என்னுடையது. 'கடந்த பத்து ஆண்டுகளாக' என்பதற்குப் பதில் '2014 முதல்' என்று எழுதுங்கள். மாறக்கூடிய பதவியைக் கூறும்போது அது தொடங்கிய ஆண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குறிப்புக்கு வெளியே, தனி வரியில், அது எழுதப்பட்ட மாதத்தையும் ஆண்டையும் குறித்துவிடுங்கள். அவ்வரி அச்சேறுவதற்கு அன்று. எடுத்தாளுபவர் அது பழையதா புதியதா என்று தெரிந்துகொள்வதற்கு.

இனி, எழுதியதை அனுப்பும் முறை. 'அப்படியே எடுத்து ஒட்டலாம்' என்று நாம் நினைத்து அனுப்பியது ஒட்டும்போது சிதைந்து போவதுண்டு. தமிழுக்கு இது மிகவும் நேர்வது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ், கணிப்பொறிக்கு ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். அவ்வெழுத்துரு இருக்கும் கணிப்பொறியில் மட்டும் தமிழ் உருவில் தோன்றும். 'தமிழ்' என்ற சொல்லையே பாமினியில் அடித்து அனுப்பினால், அவ்வெழுத்துரு இல்லாத இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிறிய எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக அது காட்சியளிக்கும். ஆதலால் ஒருங்குறியில், அதாவது யூனிகோடு முறையில் அடித்தே அனுப்ப வேண்டும். கைபேசியில் தமிழ் விசைப்பலகை கொண்டு அடிப்பது ஒருங்குறிதான்.

பிடிஎஃப் கோப்பாக அனுப்பினால் அழகாகத் தோன்றும். ஆனால் அதிலிருந்து தமிழைப் படியெடுக்கும்போது கொம்புகளும் கால்களும் இடம் மாறி, சொற்கள் உடைந்துபோவது அடிக்கடி நிகழ்கிறது. படமாக அனுப்பினாலோ எழுத்தாக நேரே படியெடுக்க இயலாது. யாரோ ஒருவர் பார்த்துப் பார்த்து மீண்டும் அடிக்க நேரலாம். அங்கேதான் ஆண்டுகள் மாறுகின்றன, முன்னெழுத்துகள் தொலைகின்றன. ஆகவே, மின்னஞ்சலின் உள்ளேயே, கட்டமோ வண்ணமோ தடித்த எழுத்தோ இன்றி, வெறும் வாக்கியங்களாகக் கொடுத்துவிடுவது நல்லது. கொடுக்கும் முன் உங்கள் நண்பர் ஒருவருக்கு அனுப்பி, அவருடைய கருவியில் படியெடுத்து ஒட்டித் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். திரும்பி வந்தது போனதுபோலவே இருந்தால் அச்சம் இல்லை.

இதில் ஒரு பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. உங்கள் தொலைபேசி எண், வீட்டு முகவரி ஆகியவற்றைக் கூட்டம் கூட்டுவோருக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும். அவற்றைக் குறிப்பின் அடியில் சேர்த்து எழுதிவிட்டால், அவையும் சேர்ந்தே ஊரறிய வெளிவந்துவிடும். 'அப்படியே ஒட்டலாம்' என்று நாம் சொன்னதை அவர்கள் அப்படியே செய்திருப்பார்கள். ஆகையால், 'வெளியிடுவதற்கு' என்று ஒரு வரி எழுதி அதன்கீழ்க் குறிப்பையும், 'உங்கள் பார்வைக்கு மட்டும்' என்று மற்றொரு வரி எழுதி அதன்கீழ் எஞ்சியவற்றையும் வையுங்கள். இடையே சில வரிகள் வெற்றிடம் விடுங்கள். பெண் பிள்ளைகள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும் என்று ஓர் ஆசிரியனாகச் சொல்லிக்கொள்கிறேன்.

கடைசியாக, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். வானொலியில் பேசுவதனால் மட்டும் இதைச் சொல்லவில்லை. வரவேற்புரை கூறுபவர் உங்கள் குறிப்பை முன்கூட்டிப் பார்த்திருப்பார் என்பது உறுதியில்லை. அடைப்புக்குறிக்குள் இருப்பதை அவரால் படிக்கவும் முடியாது, விடவும் முடியாது. ஏழெட்டுப் பட்டங்களின் சுருக்கெழுத்துகளை அவர் தடுக்கித் தடுக்கித்தான் சொல்வார். ஒரே மூச்சில் உங்களால் படிக்க முடியாத வாக்கியத்தை இரண்டாக ஆக்கிவிடுங்கள். உங்கள் பெயரை அயலார் தவறாகச் சொல்லக்கூடும் என்று நினைத்தால், அதை எப்படி ஒலிக்க வேண்டும் என்பதையும் 'உங்கள் பார்வைக்கு மட்டும்' என்னும் பகுதியில் எழுதிவிடலாம்.

இப்போது அம்மாணவிக்கு நாங்கள் எழுதிய குறிப்பைச் சொல்கிறேன். பெயரையும் ஊரையும் விட்டுவிடுகிறேன். குறிப்பில் அவை இருந்தன. 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் எழுதியது இது:

'இவர் தம் ஊரின் 14 கிணறுகளில் உள்ள உப்பின் அளவை 2022 ஜூன் முதல் 2023 மே வரை மாதந்தோறும் அளந்து பதிவு செய்தவர். 2022-இல் கல்லூரியில் சேர்ந்து வேதியியல் பயிலும் இவர், பள்ளி ஆசிரியர் ஒருவரின் வழிகாட்டுதலில், கையடக்க மின்கருவி கொண்டு 168 அளவீடுகளையும் தாமே எடுத்தார். கோடையில் எந்தக் கிணறுகள் மிகுதியாக உவர்க்கின்றன என்பதைக் காட்டும் ஊர்ப்படம் ஒன்றைத் தம் தோழியருடன் சேர்ந்து வரைந்தார்.'

முதல் வரைவில் அவள் 'இரண்டாம் ஆண்டு மாணவி' என்பதை முதலில் வைத்திருந்தாள். கிணறுகளை முன்னே கொண்டுவந்தோம். ஏனெனில் அவையோர் கேட்க வருவது கிணறுகளைப் பற்றி. 'இரண்டாம் ஆண்டு' என்பது ஜூனில் பொய்யாகிவிடும் என்பதனால் சேர்ந்த ஆண்டை எழுதினோம். 'பதிவு செய்தவர்' என்று எழுதினோமேயன்றி, 'ஆராய்ந்து நிறுவியவர்' என்று எழுதவில்லை. அவள் செய்தது பதிவு. மின்கருவி என்று சொன்னதனால், ஆய்வுக்கூடத்துச் சோதனை அன்று என்பதும் விளங்கிவிடுகிறது. தோழியர் வரைந்ததில் அவர்களுக்குரிய பங்கை அவர்களுக்கே கொடுத்தோம். வெட்டுச் சோதனையும் செய்து பார்த்தோம்; மூன்றாவதை நீக்கினாலும், இரண்டாவதை நீக்கினாலும் எஞ்சியது தனித்து நின்றது.

சில மாதங்கள் கழித்து மற்றோர் அவையில் அவள் பேசினாள். நானும் போயிருந்தேன். வரவேற்புரை கூறியவர் அம்மூன்று வாக்கியங்களையும் ஒரு சொல்லும் மாற்றாமல் படித்தார். பேச்சு முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "ஏழாவது கிணற்றில் மட்டும் மழைக்குப் பின்னும் உப்புக் குறையவில்லையே, ஏன்?" என்று கேட்டார். அவள் கையிலிருந்த குறிப்பேட்டைப் புரட்டி, அக்கிணறு அருகில் உள்ள மற்றவற்றைவிட ஆழமானது என்றும், அதற்கு மேல் காரணம் தனக்கு இன்னும் தெரியவில்லை என்றும் விடை சொன்னாள். அவையில் யாரும் ஐயுறவில்லை.